டேனை எடுக்க பிளீச் செய்யலாமா? முதல் வாரத்தில் நடக்கும் தவறுகள்

கடற்கரையிலிருந்து வந்த அன்றிரவு கண்ணாடியில் தெரிவது முழுக் கருமை அல்ல. புற ஊதாக் கதிர் பட்ட தோல் புதிதாக மெலனினை உண்டாக்கி மேலடுக்கு செல்களுக்கு அனுப்ப இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஞாயிறு முழுக்க வெயிலில் ஆடியவருக்கு செவ்வாய், புதன் வாக்கில்தான் நன்றாகக் கறுக்கும். "நாளாக நாளாகக் கூடுதே" என்ற பதற்றம் அப்போதுதான் வரும். பெரும்பாலான தவறுகளும் அந்தப் பதற்றத்தில்தான் நடக்கின்றன.

அந்த ஞாயிறு ஊர் திரும்பிய ஒருவருக்கு, வரும் சனிக்கிழமை ஒரு விழா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை முகத்துக்கு பிளீச் போடுகிறார். அந்தக் கலவையில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதைத் தூண்டிவிட பெரும்பாலும் அம்மோனியா சேர்ந்திருக்கும். இரண்டும் முதலில் நிறம் மாற்றுவது முகத்திலுள்ள பூனைமுடியைத்தான். முடி பொன்னிறமானதும் முகம் ஒரு சுற்று வெளுத்த மாதிரி தெரியும். ஆனால் மெலனினை உண்டாக்கும் செல்கள் மேல்தோலின் அடித்தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் வேலையை பிளீச் நிறுத்துவதில்லை.

கெடுதல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வெயிலில் வெந்த தோலின் காப்பு ஏற்கெனவே பலவீனமாகியிருக்கும்; அதன்மேல் காரமான கலவை பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். எரிச்சல் கண்ட தோல், குறிப்பாக நம்மைப் போன்ற மாநிறத் தோல், பதிலுக்கு மெலனினையே சுரக்கும். வியாழன் சிவப்பு, வெள்ளி வறட்சி, சில வாரங்களில் மேலுதட்டிலும் கன்னத்திலும் பழுப்புத் திட்டுகள். டேன் சீராகக் கறுத்திருந்தது; இந்தத் திட்டுகளோ இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும், மறைய மாதக்கணக்கிலும் ஆகலாம். விழாவுக்கு மீதியுள்ள மூன்று நாளில் நிறம் திரும்ப வழி கிடையாது. அன்றைய நிறத்துக்குப் பொருந்தும் ஃபவுண்டேஷன் போட்டுக்கொள்வதுதான் என் யோசனை.

பிளீச்சுக்குப் பயந்து எலுமிச்சைக்குப் போகிறவர்களும் உண்டு. அதன் சாறு தோலுக்கு மிக அதிக அமிலம். தேய்த்துவிட்டு வெயிலில் போனால் அதிலுள்ள சில பொருள்கள் ஒளியோடு சேர்ந்து கொப்புளத்தையும், சாறு வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடுகளையும் உண்டாக்கலாம். சமையல் சோடா நேர் எதிர். அதன் காரத்தன்மை தோலின் இயல்பான லேசான அமிலத்தைக் கெடுக்கும். சரசரவென்ற ஸ்க்ரப்பும் வேண்டாம். டேன் அழுக்கில்லையே, தேய்த்தால் போக.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் தோல் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். தொட்டால் சூடாக, சிவந்து, குளிக்கும்போது சுரீரென்றால் அது இன்னும் வெந்த தோல்தான். அதற்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைப்பதும், ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசுவதும் போதும். ஐஸ் கட்டியை நேரே வைக்காதீர்கள். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தோடு காய்ச்சலும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எரிச்சலும் சிவப்பும் உரிதலும் முழுக்க நின்ற பிறகு, பலருக்கு ஒரு வாரம் கழித்து, 5 சதவீத லாக்டிக் அமில லோஷனைத் தொடங்கலாம். முழங்கையின் உட்பக்கம் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். இது மேலேயுள்ள இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தும். கருமை ஏறிய செல்கள் கொஞ்சம் சீக்கிரம் உதிரும். போட்ட இடம் சில நொடி லேசாகக் குறுகுறுப்பது இயல்பு. மறுநாளும் சிவந்திருந்தால் நிறுத்திவிடுங்கள். அமிலமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 4 அல்லது 5 சதவீத நியாசினமைடு சாதுவானது. மெலனின் மேல் செல்களுக்குப் போவதையே அது குறைக்கிறது.

இத்தனையும் வீணாகும் இடம் ஒன்று உண்டு: பகலில் சன்ஸ்கிரீன் போடாமல் இருப்பது. லாக்டிக் அமிலம் தோலை வெயிலுக்கு இன்னும் கூச்சப்படுத்தும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். பலரும் பாதி அளவுதான் பூசுகிறார்கள், செருப்பு வார் தடம் விழும் பாதத்தை மறந்தேவிடுகிறார்கள்.

மேல்தோல் தன்னைப் புதுப்பிக்க சுமார் நான்கு வாரம் ஆகும், வயது கூடினால் இன்னும் நீளும். அதனால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தால் சரியான வேகம்தான். மூன்று நாளில் வெளுக்கும் என்று விற்கும், லேபிளில் உட்பொருளே சொல்லாத கிரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, தொடாதீர்கள். கையும் காலும் தெளிந்த பிறகும் இரண்டு கன்னத்தில் மட்டும் ஒரே மாதிரி கருமை நின்றுவிட்டால், அது டேன் இல்லாமல் மங்கு என்ற தோல் பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு சிகிச்சை வேறு, தோல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.