ஃபால்ஸ் சீலிங் மேலே பஞ்சு விலகியிருக்கிறதா? பிரிக்காமலே பார்ப்பது எப்படி

மதுரை திருநகரில் எங்கள் மாடி அறைக்கு மேலே வெறும் கான்கிரீட்தான். அதற்குக் கீழே ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, போர்டின் மேல் சூட்டைத் தடுக்கக் கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சைப் பரப்பியிருந்தோம். அப்படியும் கட்டில் பக்கம் மட்டும் தலையில் அனல் இறங்கியது. காரணத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டுக்கென்றே செய்தது. பட்டறைகளில் பயன்படுத்தும் துப்பாக்கி மாதிரியானதுதான் வேண்டும்.

முதலில் நேரம். உச்சிவெயிலில் அளக்காதீர்கள். கான்கிரீட் தளம் வாங்கிய வெயில் உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரமாகும். மாலை ஆறு மணி வாக்கில் அளந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தகரக் கூரையென்றால் மதியமே அளக்கலாம். ஏசியையும் விளக்குகளையும் ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். விளக்கின் சூட்டையே கூரையின் சூடு என்று நினைத்து நானே ஒரு நாள் ஏமாந்தேன்.

அடுத்தது தூரம். கருவியிலிருந்து விழும் சிவப்புப் புள்ளி இலக்கைக் காட்ட மட்டும்தான். கருவி அளப்பது அதைச் சுற்றியுள்ள ஒரு வட்டத்தின் சராசரியை. தூரத்துக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம் 12:1 என்று கருவியில் போட்டிருந்தால், நாலரை அடி தள்ளிப் பிடிக்கும்போது அந்த வட்டம் நாலரை அங்குலம் இருக்கும். மூலையில் நின்றபடி சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீண்டு, பக்கத்துச் சூடும் கலந்துவிடும். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் நேர் கீழே போய் நின்று அளக்க வேண்டும்.

இரண்டு அடிக்கு ஒன்றாக அளந்து, ஒரு தாளில் கட்டம் போட்டு அதே இடத்தில் எண்ணைக் குறியுங்கள். எனக்கு எல்லாக் கட்டங்களிலும் 35, 36 டிகிரி. கட்டிலுக்கு மேலே இரண்டு கட்டங்களில் மட்டும் 40. எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்துக் கட்டத்தோடு உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அலுமினியம் மாதிரிப் பளபளப்பான இடத்தில் மட்டும் எண்ணை நம்பாதீர்கள், அங்கே எதிரே இருப்பதன் சூடு பிரதிபலித்துவிடும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, கொஞ்ச நேரம் கழித்து டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும்.

மறுநாள் விடியற்காலையிலும் அதே கட்டங்களை அளந்தேன். தளம் ஆறியிருந்ததால் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் சுருங்கிவிட்டது. சரி, சூடு மேலிருந்துதான் வருகிறது என்று உறுதியானது.

அப்புறம் மெயினை அணைத்து, அங்கிருந்த விளக்கைக் கழற்றிக் கையுறை, முகக்கவசத்தோடு துளை வழியாகப் பார்த்தேன். வயர் இழுத்தவர் பஞ்சை ஓரமாக ஒதுக்கிவிட்டு அப்படியே மூடிவிட்டுப் போயிருக்கிறார். விளக்கின் மேல் படாதபடி இடம் விட்டுப் பஞ்சை இழுத்துப் பரப்பினேன். அன்று மாலை அந்த இரண்டு கட்டங்களும் 36, விளக்குத் துளையைச் சுற்றி மட்டும் 37.