மீதி எழுத்துகள் ஏன் சொல்லாக வரவில்லை?

போன கிழமை மருமகளுக்கு ஒரு சொல்தேடல் கீறிக் கொடுத்தேன். ஊர்ப் பெயர்கள் ஐந்து: மானிப்பாய், சுன்னாகம், கோப்பாய், வேலணை, பளை. இவற்றை வெட்டி முடித்ததும் மிஞ்சும் எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் ஒரு தீன்பண்டத்தின் பெயர் வரவேண்டும்.

ம் | க | னா | ன் | சு
ப | வே | ன | ங் | கோ
கி | ளை | ல | ழ | ப்
ங் | ப | கு | ணை | பா
மா | னி | ப் | பா | ய்

கால் மணித்தியாலத்துக்குள் கொப்பியோடு வந்தாள். "மாமா, ஐஞ்சு ஊரும் கண்டுபிடிச்சிட்டன். ஆனா மிச்சம் ஒண்டும் விளங்கேல்லை." அவள் எழுதியிருந்தது: ன, ங், கி, ழ, ங், ப, கு.

எழுத்து ஒன்றும் குறையவில்லை, கூடவுமில்லை. பிழை பளையில் இருந்தது. மூன்றாம் வரிசையில் ஒரேயொரு 'ளை'தான் உண்டு, ஆனால் அதைத் தொட்டபடி இரண்டு 'ப' நிற்கின்றன. ஒன்று இடப்பக்க மேல்மூலையில், மற்றது நேர் கீழே. அவள் மேல்மூலையில் இருந்து சரிவாகக் கீறிவிட்டாள். அப்படிப் பார்த்தாலும் 'பளை' என்றுதான் வாசிக்கும். ஆனால் நான் வைத்த பளை கீழிருந்து மேலே போவது. மேலே இருந்த 'ப' ஒளித்துவைத்த சொல்லின் முதலெழுத்து. அதை விட்டுவிட்டுக் கீழ் 'ப'வை வெட்டினால் ப, ன, ங், கி, ழ, ங், கு: பனங்கிழங்கு.

இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் தற்செயலாகவே இன்னோரிடத்திலும் அமைந்துவிடும். ஐந்தெழுத்துச் சொல்லுக்கு அது மிக அரிது. ஆகவே நீளமான பெயர்களை முதலில் வெட்டிவிட்டு, குட்டிப் பெயர்களைக் கடைசிக்கு வையுங்கள். வெட்டுமுன் அதே சொல் வேறு திசையிலும் கிடக்கிறதா என்று எட்டுப் பக்கமும் ஒருதரம் பாருங்கள். இரண்டு இடம் இருந்தால் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, இரண்டு வகையாகவும் மீதியை வாசியுங்கள். எது பிழை என்று தமிழே காட்டிக்கொடுத்துவிடும். 'ங்'குக்குப் பின்னால் அநேகமாக க வரிசை எழுத்துத்தான் வரும், 'ங்ப' என்று ஒரு சொல் இருக்க வழியில்லை. 'ன' சொல்லின் தொடக்கத்திலும் வராது. அவளுடைய கொப்பியைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டது இந்த இரண்டினால்தான்.

அடுத்தது எண்ணிக்கை. கட்டங்கள் 25. ஐந்து பெயர்களின் எழுத்துகளைக் கூட்டினால் 5, 5, 4, 3, 2, மொத்தம் 19. அப்படியென்றால் மீதி 6 என்று கணக்குப் போட்டுவிட்டு, ஏழு எழுத்து நிற்கிறதே என்று ஒன்றைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. மானிப்பாயும் கோப்பாயும் கடைசி மூலையில் ஒரே 'ய்'யைப் பங்குபோடுகின்றன. அதனால் வெட்டுப்பட்ட கட்டங்கள் 18 மட்டுமே. பங்குபோட்ட ஒவ்வொரு எழுத்துக்கும் மீதி ஒன்று கூடும். ஏற்கெனவே வெட்டிய எழுத்தை மறுபடி பாவிக்கக் கூடாது என்று நினைத்து கோப்பாய்க்கு வேறொரு 'ய்' தேடுவதும் இதே பிழையின் மறுபக்கம். மீதி பத்து எழுத்தாக இருந்தால், மூன்று கட்டங்களைப் புதிதாக வெட்டும் சொல் ஒன்றை மறந்திருப்பீர்கள். வேலணையையும், 'ய்'யைப் பங்குபோடும் கோப்பாயையும் பாருங்கள்.

நான்காம் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் 'பகு' என்று வாசிக்கிறதே என அதையும் வெட்டிவிட வேண்டாம். பட்டியலில் இல்லாத சொல் எவ்வளவு நல்ல சொல்லாக இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. அந்த 'கு' போனால் பனங்கிழங்கு வால் அறுந்து நிற்கும்.

வாசிக்கும் திசையிலும் சிலர் தடுமாறுகிறார்கள். சொற்கள் தலைகீழாகவும் சரிவாகவும் கிடப்பதால் மீதியும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறார்கள். வழக்கமாக மீதியை வாசிப்பது புத்தகம் வாசிப்பதுபோல, மேல் வரிசையில் தொடங்கி இடமிருந்து வலமாக. இதே கட்டத்தை மேலிருந்து கீழாக வாசித்தால் 'பகிங்னகுங்ழ' என்றுதான் வரும்.

தமிழ்க் கட்டங்களுக்கே உரிய பிழை ஒன்று: மீதியை வேறு தாளில் எழுதும்போது புள்ளி விடுபடுவது. தடித்த பேனையால் கட்டத்தை நிரப்பி வெட்டினால் பக்கத்துக் கட்டத்து எழுத்தின் புள்ளியும் மறைந்து, 'ங்' வெறும் 'ங' ஆகிவிடும். கட்டத்தை நிரப்பாமல் சொல்லின் நடுவால் ஒரே கோடு இழுங்கள். மீதி எழுத்துகளைச் சேர்த்து எழுதாமல் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு எழுதிக்கொண்டால் எண்ணுவதும் சுகம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் வரவில்லையென்றால், அந்தப் புதிரில் ஒளித்த சொல்லே இல்லாமல் இருக்கலாம். பலர் வெற்றுக் கட்டங்களைக் கைக்கு வந்த எழுத்தால் நிரப்பிவிடுவார்கள். தலைப்புக்குக் கீழே 'மீதி எழுத்துகளைச் சேர்க்க' என்று குறிப்பு இருக்கிறதா என்று முதலே பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.