நெருங்கிய நண்பனிடம் முதல் சாரி: எந்தத் தொனியில் சொல்வது?

போன வருடம் ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில் என் நண்பன் சாம்பார் சாதத்தோடு இலையை மடித்துவிட்டு எழுந்தான். ரசம் வரவில்லை, மோர் வரவில்லை. காரணம் நான். அவன் நாலு வருடமாக வேலையை விட்டுவிட்டு குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருக்கிறான். பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "இவன் ஆபீசர் ஆகறதுக்குள்ள நாங்க எல்லாரும் ரிட்டையர் ஆயிடுவோம்." இலைகள் வரிசையாகச் சிரித்தன.

அன்று இரவு நான் தட்டச்சு செய்த மன்னிப்பும், மறுநாள் கடைசியாக அனுப்பியதும் வேறு வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மாற்றினேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். இது நெருங்கிய நண்பரிடம், ஒரே ஒரு வார்த்தைக்காக, முதல் தடவை கேட்கும் மன்னிப்புக்கு மட்டும். பணத் தகராறு, வருடக் கணக்கான மனக்கசப்பு எல்லாம் வேறு கணக்கு.

படி 1: எங்கே பட்டது என்று பாருங்கள்

சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். மெருகேற்ற வேண்டாம். கீழே, அப்போது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள்.

என் வாக்கியத்தை மட்டும் பார்த்தால், பரீட்சையைக் கிண்டல் செய்ததுதான் தப்பு என்று தோன்றும். ஆனால் அதைவிட மோசமாக நாங்கள் டீக்கடையில் பேசியிருக்கிறோம், அவனே சிரித்திருக்கிறான். ஆட்களின் பட்டியலை எழுதியபோதுதான் உறைத்தது: அவனுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தது அவன் மாமனார். மகளின் சம்பளத்தில் மாப்பிள்ளை படிக்கிறார் என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். அதை நான் பந்தியில் பரிமாறிவிட்டேன்.

இது தெரியாமல் எழுதும் மன்னிப்பு எவ்வளவு பணிவாக இருந்தாலும் குறி தப்பும். "பரீட்சையைப் பத்திப் பேசினதுக்கு சாரி" என்று அனுப்பியிருந்தால், இவனுக்கு இன்னும் புரியவே இல்லை என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

படி 2: "சாரி"யின் எடை

தமிழில் நமக்கு ஒரு சிக்கல். நண்பர்களுக்கு இடையே நடு எடையில் மன்னிப்புச் சொல் இல்லை. "சாரி" பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்வது. "மன்னிக்கவும்" கவுன்டரில் எழுதி ஒட்டுவது. "வருந்துகிறேன்" என்றால் ரயில் தாமத அறிவிப்பு காதில் கேட்கும். "என்னை மன்னிச்சிரு" நேரில் தழுதழுத்துச் சொன்னால் பொருந்தலாம், வாட்ஸ்அப்பில் கொஞ்சம் நாடக வாடை அடிக்கும்.

அதனால் நான் செய்வது இது: மன்னிப்புச் சொல்லின் மேல் பாரத்தை ஏற்றாமல், செய்த காரியத்தின் பெயரைச் சொல்வது. "நக்கல் பண்ணேன். அது தப்பு." இவ்வளவுதான். இதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. 2016-இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் மன்னிப்பை ஆறு பகுதிகளாகப் பிரித்து, எது அதிகம் எடுபடுகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பை ஏற்றுக்கொள்வது முதலிடத்தில் வந்தது. அடுத்து, சரிசெய்ய முன்வருவது. "மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பது கடைசி. அவர்கள் எடுத்துக்கொண்டது வேலைச் சூழல் சார்ந்த கற்பனைச் சம்பவங்கள், நண்பர்கள் சண்டை அல்ல. இருந்தாலும் "மன்னிச்சிரு" இல்லாமலே மன்னிப்பு நிற்கும் என்பதை நம்ப இது எனக்கு உதவியது.

இன்னொன்று, விளி. தினமும் "டா" போட்டுப் பேசுகிறவரிடம் இன்றைக்கும் "டா"தான். திடீரென்று "நீங்க", "நண்பா", "சகோ" என்று மாறினால் அது மரியாதையாகக் கேட்காது, தள்ளி நிற்பதாகக் கேட்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் உயிர் நண்பர்களே "ங்க" போட்டுத்தான் பேசுவார்கள், அவர்கள் அதை மாற்ற வேண்டாம். வழக்கமான விளி எதுவோ அதுவே, ஆனால் ஒரே ஒரு தடவை. வரிக்கு வரி "மச்சி, மச்சி" என்றால் தாஜா செய்வது போல ஆகிவிடும்.

படி 3: வினைச்சொல்லைக் கவனியுங்கள்

பெரும்பாலான மன்னிப்புகள் கெடுவது இங்கேதான். இந்த மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்:

"வாய் தவறி வந்துடுச்சு."
"சொல்லிட்டேன்."
"சொன்னேன்."

முதலாவதில் குற்றவாளி வாய், நான் அந்த வாய்க்கு வெறும் சொந்தக்காரன். இரண்டாவதில் நான் இருக்கிறேன், ஆனால் அந்த "-ட்டேன்" கை தவறித் தம்ளரை உடைத்தவன் "உடைச்சிட்டேன்" என்று சொல்வதைப் போல, வேண்டுமென்று செய்யவில்லை என்ற சாக்கையும் லேசாக உள்ளே வைத்திருக்கிறது. மூன்றாவது மொட்டை. முதல் வாக்கியத்தில் மூன்றாவதைப் போடுங்கள். அது உங்களுக்கே கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும்.

அடுத்தது "-ஆ". "காயப்பட்டிருந்தா சாரி." அவன் பந்தியிலிருந்து எழுந்து போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு "இருந்தா" என்ன வேண்டிக் கிடக்கிறது? அந்த ஓர் எழுத்து மன்னிப்பை நிபந்தனையாக்கிவிடுகிறது. "தப்பா எடுத்துக்காத" அதைவிட மோசம், தப்பு எடுத்துக்கொண்டவர் தலையில் போய் விழுகிறது.

படி 4: வரைவை வெட்டுங்கள்

அன்று இரவு பதினொன்றரைக்கு நான் எழுதியது இது:

"மச்சி, நான் சொன்னது உன்னக் காயப்படுத்தியிருந்தா ரொம்ப சாரிடா. சும்மா ஜாலிக்குத்தான் சொன்னேன், நான் எப்படின்னு உனக்கே தெரியும். பதினஞ்சு வருஷ ஃப்ரெண்ட்ஷிப், இதுக்கெல்லாம் கோவிச்சுக்குவியா? எனக்குத் தூக்கமே வரல. ப்ளீஸ் மன்னிச்சிரு."

நல்ல வேளை, அனுப்பவில்லை. மனைவியிடம் காட்டினேன், அவள் சொன்னது ஒரே வரி: "இதுல நீங்கதான் பாவமா தெரியறீங்க."

சரிதான். "தூக்கமே வரல" என்றால் இப்போது அவன் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். "பதினஞ்சு வருஷம்" என்பது அவன் மன்னிக்காவிட்டால் நட்புக்கே துரோகி என்று நெருக்குகிறது. "நான் எப்படின்னு தெரியும்" என்பது என் குணத்துக்கு நானே கொடுக்கும் சான்றிதழ். இவற்றை அடித்த பிறகு மிஞ்சியது "மச்சி" மட்டும்தான். அதனால் புதிதாக எழுதினேன்:

"டேய், நேத்து பந்தியில உன் படிப்ப வச்சு எல்லார் முன்னாடியும் நக்கல் பண்ணேன். பக்கத்துல உங்க மாமா உட்கார்ந்திருந்தாரு. அது தப்பு. நீ எப்படிப் படிக்கிறேன்னு பக்கத்துல இருந்து பாக்கறவன் நான், நானே அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மாமாகிட்ட நான் பேசணும்னா பேசறேன், வேண்டாம்னா விட்டுடறேன். உனக்குத் தோணும்போது கூப்பிடு."

மாமனார் விஷயத்தைக் கேள்வியாக விட்டதைக் கவனியுங்கள். நானாகவே போய் அவரிடம் "மாப்பிள்ளை தங்கமான பையன்" என்று பேசியிருந்தால் ஆறிக்கொண்டிருந்த பேச்சு மறுபடி சூடாகியிருக்கும். சரிசெய்ய முன்வரலாம். எப்படி என்பதை அடிபட்டவர்தான் சொல்ல வேண்டும்.

படி 5: எழுத்தா, குரலா?

நேரில் முடிந்தால் நேரில். எனக்கு முடியவில்லை. மாமனார் இரண்டு நாள் அவன் வீட்டில்தான் தங்கியிருந்தார், போனில் அவனால் வாய்விட்டு இரண்டு வார்த்தை பேச முடியாது. அதனால் எழுத்து.

எழுத்தில் ஓர் ஆபத்து உண்டு. 2005-இல் ஜஸ்டின் க்ரூகர் குழு அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தது. கிண்டலா, நிஜமா என்பதை மின்னஞ்சல் படிப்பவர்கள் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் கண்டுபிடித்தது 56 சதவீதம், கிட்டத்தட்ட பூவா தலையா. குரலில் சொன்னபோது 73. நம் மனதில் ஓடும் ராகம் படிப்பவர் காதில் ஓடுவதில்லை. எனவே எழுத்து மன்னிப்பில் ஒரு துளி நகைச்சுவையும் வேண்டாம். கைகூப்பும் பொம்மை, அழும் பொம்மை, மீம், எதுவும் வேண்டாம். ஒரு கிண்டலுக்காகத்தான் மன்னிப்பே கேட்கிறோம்.

குரல் பதிவு என்றால் அரை நிமிடத்துக்குள் முடியுங்கள். தொடக்கத்தில் சங்கடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும், பலருக்கும் வரும். அது பதிவில் இருக்கிறதா என்று போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

படி 6: பதிலைப் படிப்பது

நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் இரண்டாவது சாரி அனுப்பாதீர்கள். "பார்த்தியா?" என்றும் கேட்காதீர்கள். அவர் இன்னும் கோபமாக இருக்கிறார், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. சில நாள் கழித்து நீங்கள் பேச வேண்டியிருந்தால் வழக்கமான ஒரு காரியத்துக்காகப் பேசுங்கள்.

"பரவாயில்ல" என்று மட்டும் வந்தால் வாசல் கதவு திறந்திருக்கிறது, உள்ளே கூப்பிடவில்லை. "விடுடா" என்றால் பெரும்பாலும் தணிந்துவிட்டது, அந்த "டா" திரும்பி வந்ததுதான் அடையாளம். "சரிங்க சார்" என்று வந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். திட்டு வந்தால் முழுக்க வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் "ஆனா நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்தால் படி 1-லிருந்து எல்லாம் வீண்.

எனக்கு நாலு நாள் எதுவும் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்தது: "மாமாகிட்ட ஒண்ணும் பேச வேணாம். ஞாயித்துக்கிழமை லைப்ரரி போகணும், வண்டி எடுத்துட்டு வா."

போனேன். லைப்ரரி வாசல் டீக்கடையில் பாதி டம்ளர் வரை அவன் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "நீ சொன்னதக்கூட விட்டுருவேன்டா. எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அப்ப நீயும் சேந்து சிரிச்ச."

அது என் தாளில் இல்லை. சொன்ன வாக்கியத்தை எழுதினேன், இருந்த ஆட்களை எழுதினேன், நான் சிரித்ததை எழுதவில்லை. விளக்கம் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமா," என்றேன். "சிரிச்சேன்."

அவன் இன்னொரு டீ சொன்னான்.