டிசால்வுக்கு வேண்டிய ஃபிரேம்களை முன்பே வரைந்து வையுங்கள்

அனிமேஷனில் ஒவ்வொரு ஷாட்டும் திட்டமிட்ட நீளத்துக்கு மட்டுமே வரையப்படுகிறது. கேமராவில் எடுத்த படம் போல முன்னும் பின்னும் மிச்சம் கிடைக்காது. ஒரு ஷாட் மங்க மங்க அடுத்த ஷாட் அதன்மேல் தெளிந்து வரும் மாற்றம்தான் டிசால்வ். எடிட்டிங்கில் திடீரென அதைப் போட்டால் சிக்கல் வருவது இதனால்தான்.

நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், இரு ஷாட்டும் சேரும் வெட்டை நடுவாகக் கொண்டு 24 ஃபிரேம் டிசால்வ் வைத்தால் இரண்டு ஷாட்டிலும் 12 ஃபிரேம் கூடுதலாக வேண்டும். இல்லையென்றால் மென்பொருள் பெரும்பாலும் கடைசி ஃபிரேமையே திரும்பத் திரும்பக் காட்டும்; நடந்துகொண்டிருந்த பாத்திரம் கால் தூக்கியபடி உறைந்துபோய் மங்கும்.

ஆகவே ஸ்டோரிபோர்டு படங்களை நேரக்கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக் கட்டத்திலேயே டிசால்வ் வரும் இடங்களைக் குறித்து, அங்கே மட்டும் இரு பக்கமும் 12 ஃபிரேம் சேர்த்து வரையச் சொல்லுங்கள். ஒரு சிறுமி கதவைச் சாத்திவிட்டுத் தலை குனிகிறாள் என்றால், குனிந்து முடித்தபின் 16 ஃபிரேமாவது அந்த முகம் தெளிவாக நிற்கட்டும். அதற்குப் பிறகே டிசால்வ் தொடங்க வேண்டும். முந்தினால் அவள் வருத்தம் பார்ப்பவருக்கு எட்டாது. மங்கும்போதும் மூச்சு, முடி அசைவு நிற்கக்கூடாது.

கூடுதல் ஃபிரேம் வரைய நேரமில்லையா? நேர் வெட்டே போடுங்கள், அடுத்த காட்சியின் ஒலியை மட்டும் 8 ஃபிரேம் முன்னால் இழுத்து வையுங்கள்.