மழைக்குத் தாங்கும் மை எண்ணெய்க்குத் தாங்காது

போன ஐப்பசியில் ஒரு மாலை, ஏற்காட்டில் ஆசிரியையாக வேலை பார்க்கும் ஒரு பெண் என் அழகு நிலையத்துக்கு வந்தார். கையில் ஒரு மைப் பென்சில். "அக்கா, இது போலிச் சரக்கு போலிருக்கிறது. வாட்டர்ப்ரூஃப் என்று நம்பி வாங்கினேன். ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்ணுக்குக் கீழே முழுக்கக் கறுப்பு" என்றார். தினமும் காலையில் சேலம் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறுகிறவர். நிறுத்தத்தில் சாரல், அடிவாரம் தாண்டியதும் மூடுபனி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிவதற்குள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர்களின் முகம் ஈரமாகிவிடும். குற்றம் மழையுடையதுதான் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அவருடைய புறங்கையில் அந்தப் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டேன். ஐந்து நிமிடம் உலரவிட்டு, ஒரு கோட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டித் தேய்க்கச் சொன்னேன். அசையவில்லை. இன்னொரு கோட்டின் மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, விரலால் மெதுவாக வட்டமாக நீவினேன். பத்து எண்ணுவதற்குள் கோடு கலங்கி, கறுப்புக் குழம்பாகிவிட்டது. பிறகு அவருடைய நெற்றி ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரல் பளபளத்தது. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிக்கொண்டுதான் கிளம்புகிறார். சாரலில் நனைந்த தலையிலிருந்து நீரோடு எண்ணெயும் நெற்றியில் இறங்கி, புருவத்தைத் தாண்டி இமைக்கு வந்திருக்கிறது. பென்சில் நல்ல பென்சில்தான்.

வாட்டர்ப்ரூஃப் மையும் மஸ்காராவும் பெரும்பாலும் மெழுகு, நிறமி, மெல்லிய படலமாக உறையும் ஒரு பொருள், சீக்கிரம் ஆவியாகும் ஒரு திரவம் ஆகியவற்றின் கலவை. பூசியதும் அந்தத் திரவம் பறந்துவிடும். மீதி உறைந்து, தண்ணீர் ஒட்டாத படலமாக நிற்கும். தண்ணீரைத் தள்ளும் இந்தப் படலம் எண்ணெயோடு கலந்துவிடும். முகத்தில் தானாக ஊறும் எண்ணெய், தலை எண்ணெய், பிசுபிசுப்பான க்ரீம், எதுவானாலும் அதைக் கரைக்கும். காலையில் எண்ணெயைக் கண்ணுக்கு அருகில் வரவிடக்கூடாது, மாலையில் அதே எண்ணெயை நாமே கொண்டுவந்து கழுவ வேண்டும். நான் பார்க்கும் தவறுகள் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றைத் தலைகீழாகச் செய்வதால் வருபவை.

கிளம்பும் முன்

தலைக்கு எண்ணெய் வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மழை நாட்களில் அதை முந்தின இரவே வைத்து, காலையில் அலசிவிடுங்கள். காலையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் நுனி முடிக்கு மட்டும் வைத்து, நெற்றி ஓரத்தை ஒரு டிஷ்யூவால் ஒற்றிவிட்டு வாருங்கள்.

அடுத்தது மாய்ஸ்சரைசர். கெட்டியான குளிர்க்கால க்ரீமைக் கண் வரைக்கும் தடவி, அது ஊறுவதற்கு முன்பே மை தீட்டினால், நம் கையாலேயே கரைப்பானைக் கீழே பூசியது போலத்தான். ஜெல் வகை மாய்ஸ்சரைசரை மெல்லியதாகப் பூசி, இமை ஓரத்தை விட்டுவிடுங்கள். அதன் மேல் சன்ஸ்க்ரீன். பத்து நிமிடம் போகட்டும், அதற்குள் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிவிடலாம். பிறகு ஒரு டிஷ்யூவை மடித்து இமையின் மேலும் கண்ணுக்குக் கீழேயும் வைத்து அழுத்தி எடுங்கள். டிஷ்யூவில் எண்ணெய்த் தடம் தெரியாமல் வரும்வரை ஒற்ற வேண்டும். இந்த அரை நிமிட வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மையை எங்கே தீட்டுகிறோம் என்பதும் கணக்கில் வரும். இமையின் உள்விளிம்பில் தீட்டுவது நம் ஊரில் பழகிய அழகு. ஆனால் அந்த விளிம்பு எப்போதும் கண்ணீரில் நனைந்தபடி இருக்கும். கண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் விரிக்கும் சிறு சுரப்பிகளின் வாய்களும் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. அங்கே படலம் சரியாக உறைவதே இல்லை. ஒவ்வொரு இமைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே வரும், சுரப்பிகளின் வாயையும் அடைக்கும். மழை நாளில் மையை முடிகளுக்கு வெளியே, இமை முடியின் வேரை ஒட்டித் தீட்டுங்கள். தீட்டியதும் அரை நிமிடமாவது கண்ணைச் சுருக்காமல், கசக்காமல் இருங்கள். திரவம் ஆவியாகி உறைய அவ்வளவு நேரம் வேண்டும். பஸ் வந்துவிட்டதே என்று ஓடிக்கொண்டே தீட்டிய மை, கோரிமேடு வருவதற்குள் மேல் இமையில் இரட்டைக் கோடாகப் பதிந்திருக்கும்.

மஸ்காரா வாங்கும்போது முன்பக்க எழுத்தைவிடப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் ஐசோடோடெக்கேன் என்று இருந்தால், அது அநேகமாக உண்மையான வாட்டர்ப்ரூஃப். முதலில் அக்வா, அதாவது தண்ணீர் என்று இருந்தால் அது பெரும்பாலும் சாதாரண மஸ்காரா, அல்லது டியூபிங் எனப்படும் வகை. இந்த இரண்டாவது வகையைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. அது ஒவ்வொரு முடியையும் ஒரு சிறு குழல் போலச் சுற்றி உறையும். சாரலும் வியர்வையும் தாங்கும், முக எண்ணெய்க்கும் அசையாது. இமை எப்போதும் எண்ணெய் வழியும் தோலுள்ளவர்களுக்கு வாட்டர்ப்ரூஃபைவிட இதுவே நல்லது என்பேன். ஸ்கூட்டரில் கொட்டும் மழையில் போகிறவர்களுக்கு வாட்டர்ப்ரூஃப்தான் சரி. எதுவானாலும் மேல் இமை முடிக்கு மட்டும் ஒரு பூச்சு போதும்.

முகத்துக்கு நான் மிகக் குறைவாகவே பரிந்துரைப்பேன். கெட்டியான ஃபவுண்டேஷன் மேல் பவுடரை வாரிப் போட்டால், மழைத்துளி விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுப் பரப்பி, மூக்கின் பக்கங்களில் மட்டும் பவுடரை அழுத்தி ஒற்றுங்கள். குங்குமம் மழையில் ஒழுகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, அன்றைக்கு ஸ்டிக்கர் பொட்டு போதும். ஒட்டும் இடம் அரித்தாலோ வெளுத்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள், அந்தப் பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

டம்ளரில் ஒட்டாத திரவ லிப்ஸ்டிக்குக்கும் இதே குணம்தான். டீயைக் குடித்தால் போகாது. நல்லெண்ணெயில் குழைத்த பொடியோடு இட்லி சாப்பிட்டால் உள்ளுதடு வெளுத்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் பூசுங்கள்.

நனைந்த முகத்தைத் துப்பட்டாவால் துடைக்க வேண்டாம். உறைந்த படலம் தண்ணீருக்கு அசையாது, தேய்ப்புக்கு உரிந்துவிடும். கைக்குட்டையை வைத்து அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள்.

வீடு திரும்பிய பின்

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. மை கலைவது ஒரு நாள் சங்கடத்தோடு முடிந்துவிடும். சரியாக எடுக்காமல் விடுவது மாதக்கணக்கில் கண்ணையும் தோலையும் படுத்தும். அந்த ஆசிரியையின் கண்ணோரத்தில் சிவப்பும் கீழிமையில் சிறு வறட்சியும் இருந்தன. எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். வந்ததும் முகத்தை நனைத்து, குளிக்கும் சோப்பைப் போட்டு, மை போகும்வரை துண்டால் தேய்ப்பாராம். தண்ணீரைத் தள்ளும் படலத்தைத் தண்ணீரால் எடுக்கப் பார்த்திருக்கிறார். அது போகவில்லை, அதற்குப் பதிலாகத் தோல்தான் போயிருக்கிறது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல். இமை முடி உதிர்வதற்கும் இந்தத் தேய்ப்பு ஒரு காரணம்.

எண்ணெய் முதலில் வர வேண்டும், அதுவும் காய்ந்த முகத்தில், காய்ந்த கையோடு. முகம் ஈரமாக இருந்தால் எண்ணெய் வழுக்கி ஓடும், படலத்தைத் தொடாது. மழையில் நனைந்து வந்திருந்தால் ஒற்றித் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். லென்ஸ் போடுகிறவர்கள் அதை முதலில் கழற்ற வேண்டும்.

கண்ணுக்கு, இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும் ரிமூவர் கடைகளில் கிடைக்கிறது. மேலே எண்ணெய், கீழே நீர். குலுக்காமல் ஊற்றினால் பஞ்சில் மேலடுக்கு மட்டுமே வரும், ஆகவே நன்றாகக் குலுக்குங்கள். பஞ்சை நனைத்து, மூடிய கண்ணின் மேல் வைத்து முப்பது வரை எண்ணுங்கள். தேய்க்காதீர்கள். எண்ணி முடித்ததும் லேசாக அழுத்தியபடி வேரிலிருந்து முடி நுனிப் பக்கமாக ஒரே இழுப்பு. பஞ்சில் இமை முடிகளின் வடிவம் கறுப்பாகப் பதிந்து வந்தால் சரியாக ஊறியிருக்கிறது. சாம்பல் நிறத்தில் இழுசல் மட்டும் வந்தால் இன்னும் ஊறவில்லை, மறுபடி வையுங்கள். டியூபிங் மஸ்காராவுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அழுத்திப் பிடித்தால் அது சிறு கறுப்பு நூல்களாகக் கழன்று வரும். அந்த நூல்களைப் பார்த்து முடி உதிர்கிறதோ என்று பயப்பட வேண்டாம்.

முகத்துக்கு க்ளென்சிங் ஆயில். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நீவி, பிறகு விரலில் கொஞ்சம் நீர் தொட்டு மறுபடி நீவுங்கள். எண்ணெய் பால் போல வெளுக்கும். வெளுத்த பிறகே அது கழுவத் தயாராகிறது. அதற்கு முன்பே கழுவினால் பிசுக்கு தோலில் தங்கிப் பரு வரும். வீட்டுத் தேங்காய் எண்ணெய் மையைக் கரைக்கும், ஆனால் தண்ணீரோடு சேர்ந்து வெளுக்காது. எனவே பரு வரும் முகத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது, கண்ணுக்குள் போனால் பார்வையும் சற்று நேரம் மங்கும்.

கடைசியாக மென்மையான ஃபேஸ் வாஷ். போர் தண்ணீர் உப்பாக வரும் வீடுகளில் சோப்பு நுரைக்காமல் ஒரு வெள்ளைப் படிவை முகத்திலேயே விட்டுவிடும், அங்கே சோப்பு வேண்டவே வேண்டாம். கழுவி முடித்ததும் ஒரு வெள்ளைத் துணியால் இமை முடி வேரையும் மூக்கோரத்தையும் ஒற்றிப் பாருங்கள். துணியில் கறையில்லாமல் வந்தால் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் தலையணை உறையில் கறுப்பு இருந்தால் முடிந்திருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆசிரியை மீண்டும் வந்தார். அதே பென்சில்தான், கண்ணோரச் சிவப்பு அடங்கியிருந்தது. பையில் இருந்த மஸ்காராவையும் எடுத்துக் காட்டினார். வாங்கி எட்டு மாதம் ஆகிறதாம். தினமும் ஈரக் காற்றில் திறந்து மூடும் குழாயில் கிருமி சேரும், மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, அதை அங்கேயே குப்பையில் போடவைத்தேன். கண் சிவந்து பீளை கட்டினால் அப்போது பயன்படுத்திய மையையும் மஸ்காராவையும் கூடத் தூக்கி எறிந்துவிட்டு, கண் மருத்துவரைப் பாருங்கள். குணமாகும்வரை இமையில் எதையும் தீட்ட வேண்டாம்.