வர்க்கங்களின் கூட்டல் C(2n, n) ஆவது ஏன்? இருமுறை எண்ணிப் பாருங்கள்

C(n,0)² + C(n,1)² + … + C(n,n)² = C(2n,n). இதை நிறுவ இயற்கணிதம் தேவையில்லை. ஒரே தொகுப்பை இரண்டு விதமாக எண்ணினால் போதும்.

n சிவப்புப் பந்துகள், n நீலப் பந்துகள், ஒவ்வொன்றும் தனி எண் இட்டவை. மொத்தம் 2n பந்துகளில் n பந்துகளை எடுக்க C(2n,n) வழிகள். இது முதல் எண்ணிக்கை.

இனி நிறம் பார்த்து எண்ணுவோம். சிவப்பில் k எடுத்தால் நீலத்தில் n−k எடுத்தாக வேண்டும். ஆகவே C(n,k)·C(n,n−k) வழிகள். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: வர்க்கம் வர வேண்டுமே என்று நீலத்திலும் k எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தால் கையில் இருப்பது 2k பந்துகள், n அல்ல.

இதற்கு நல்ல வழி, நீலத்தில் எடுப்பதை விட்டு, எடுக்காமல் விடுவதை எண்ணுவது. n−k நீலம் எடுத்தால் மீதி k. விடவேண்டிய அந்த k பந்துகளைத் தேர்ந்தெடுக்க C(n,k) வழிகள். வர்க்கம் தானாக வந்துவிடுகிறது.

n = 3, k = 1 என்று வையுங்கள். சிவப்பு 2-ஐ எடுத்து, நீலம் 3-ஐ விட்டால், கிடைப்பது சிவப்பு 2, நீலம் 1, நீலம் 2. இப்படி 3×3 = 9 தேர்வுகள். k = 0, 1, 2, 3 எல்லாம் சேர்த்தால் 1+9+9+1 = 20 = C(6,3). k = 0-ஐ மறந்தால் 19-தான் வரும்; விடுபடுவது மூன்றுமே நீலமான தேர்வு.

கனங்களுக்கு இந்த உத்தி அப்படியே செல்லாது. மூன்று நிறம் வந்ததும், ஒரு நிறத்தின் எண்ணிக்கை மட்டும் மற்ற இரண்டையும் தீர்மானிப்பதில்லை.