எல்சிஜி-யைக் கையால் போட்டுப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டலில் பிசகுவது, மீதி எடுக்க மறப்பது, 38ஐ 16ஆல் வகுத்து மீதி 8 என்று எழுதுவது, இதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. இன்னொரு முறை போட்டால் அவை தானாகவே தெரிந்துவிடும். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும் கடைசி விடை மட்டும் தப்பாக வருமே, அந்த மாதிரி தவறுகள்தான் தொல்லை. சீரற்றவை போலத் தோன்றும் எண்களைக் கணினியில் உண்டாக்கும் லீனியர் கன்க்ருவென்ஷியல் ஜெனரேட்டரை, சுருக்கமாக எல்சிஜி-யை, புதிதாகப் படிப்பவர்கள் நானும் ஆரம்பத்தில் மாட்டிய அதே இடங்களில் வரிசையாக மாட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விதி ஒரே வரிதான்:

```
அடுத்த x = (a*x + c) mod m
```

கையில் இருக்கும் எண்ணை a-ஆல் பெருக்கு, c-ஐக் கூட்டு, m-ஆல் வகுத்து மீதியை எடு. அந்த மீதிதான் அடுத்த எண். மீதி 0 முதல் m−1 வரைதான் இருக்க முடியும் என்பதால், அதிகபட்சம் m படிகளுக்குள் ஏற்கெனவே வந்த எண் ஒன்று மறுபடி வந்தே தீரும். அடுத்த எண்ணைத் தீர்மானிப்பது இப்போதைய எண் மட்டுமே என்பதால், ஒரு எண் மறுபடி வந்துவிட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பழைய வரிசையேதான். இது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. எந்த எண் மறுபடி வரும் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

## தொடக்க எண் திரும்பி வரும் என்று காத்திருப்பது

a = 6, c = 3, m = 20 என்று எடுத்துக்கொள்வோம். தொடக்க எண் 1.

1 → 9 → 17 → 5 → 13 → 1

ஐந்தே படி, 1 திரும்பி வந்துவிட்டது, சுற்றின் நீளம் 5. இதைப் போட்டு முடித்தவர் மனதில் ஒரு முறை பதிந்துவிடுகிறது: தொடக்க எண் திரும்ப வரும்வரை போட்டுக்கொண்டே போ, வந்ததும் நிறுத்து. விடை சரியாக வந்ததால் முறையும் சரி என்று நினைத்துவிடுகிறார். இப்போது வேறு எதையும் மாற்றாமல் தொடக்க எண்ணை மட்டும் 2 ஆக்குங்கள்.

2 → 15 → 13 → 1 → 9 → 17 → 5 → 13 → 1 → 9 → 17 → …

2 எங்கே? வராது. பக்கம் முழுக்க எழுதினாலும் வராது. ஒரு மாணவர் இதே கணக்கை வைத்துக்கொண்டு தாளின் பின்பக்கம் வரை போய்விட்டு, “இன்னும் 2 வரலை சார், எங்கேயோ கணக்குல தப்பு விட்டுட்டேன் போல, முதல்லேருந்து போடறேன்” என்றார். தாளில் ஒரு தப்பும் இல்லை. 13 இரண்டாவது முறை வந்த இடத்திலேயே வேலை முடிந்துவிட்டது, ஆனால் அவர் கண் 2-ஐ மட்டுமே தேடிக்கொண்டிருந்தது. சரியான கணக்கைத் தப்பு என்று நினைத்து அடிக்க வைக்கிறதே, அதனால்தான் இந்தத் தவறு மேல் எனக்கு இன்னும் கோபம்.

2 ஏன் வராது என்பதைப் பார்க்கப் பெரிய தேற்றம் எதுவும் வேண்டாம். 6x எப்போதும் இரட்டை. அதோடு 3 சேர்ந்தால் ஒற்றை. 20 இரட்டை எண் என்பதால், அதைக் கழித்துக்கொண்டே போனாலும் ஒற்றை ஒற்றையாகவே இருக்கும். ஆக, முதல் படியிலிருந்து வருவதெல்லாம் ஒற்றை எண்கள். இரட்டை எண்ணான 2 தொடக்கமாக நாம் கொடுத்ததால் மட்டுமே வரிசையில் நிற்கிறது, இந்த விதியால் அதை ஒருபோதும் உண்டாக்க முடியாது.

இன்னும் கொஞ்சம் தோண்டலாம். எண்களை 4ஆல் வகுத்த மீதியை மட்டும் பாருங்கள். 2-க்கு மீதி 2, 15-க்கு 3, 13-க்கு 1, அடுத்து வரும் 1-க்கும் 1, 9-க்கும் 1, அப்புறம் எல்லாமே 1. 20க்குள் 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்கள் 1, 5, 9, 13, 17. சுற்று இந்த ஐந்தும்தான். எந்த எண்ணிலிருந்து கிளம்பினாலும் அதிகபட்சம் இரண்டு படிகளில் இந்த ஐந்துக்குள் வந்து விழுந்துவிடும், வெளியே போக வழி கிடையாது. 20 தொடக்க எண்களில் ஐந்து மட்டுமே திரும்பி வரும், மற்ற 15ம் வராது. முதல் கணக்கில் 1-ஐத் தேர்ந்தெடுத்தது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

சுற்றுக்குள் நுழைவதற்கு முன்னால் வரும் இந்தப் பகுதிக்கு வால் என்று பெயர். மேலே 2, 15 இரண்டும் வால். வாலையும் சுற்றையும் சேர்த்து வரைந்தால் கிரேக்க எழுத்து ρ மாதிரி இருக்கும்.

வால் எப்போது வரும்? a-க்கும் m-க்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருந்தால் வரும். இங்கே 6-க்கும் 20-க்கும் 2 பொதுக் காரணி. அப்படி இருக்கும்போது வெவ்வேறு எண்கள் ஒரே அடுத்த எண்ணுக்குப் போய்ச் சேரும்: 5-லிருந்தும் 13, 15-லிருந்தும் 13. இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்தால் யாரும் வராத இடமும் ஒன்று இருக்கத்தானே வேண்டும், 2 அப்படிப்பட்ட இடம். மாறாக a-யும் m-ம் சார்பகா எண்களாக இருந்தால் வால் கிடையாது, தொடக்க எண் கட்டாயம் திரும்பும். பயிற்சிக் கணக்குகள் பெரும்பாலும் இந்த வகையாகவே இருப்பதால்தான் தப்பான பழக்கம் ஆழமாக ஊறிவிடுகிறது.

நிரலில் இது இன்னும் மோசம். `while x != seed` என்று எழுதி ஓடவிட்டால், வால் உள்ள இடத்தில் அது நிற்கவே நிற்காது. பிழைச் செய்தியும் வராது. m பெரிய எண்ணாக இருந்தால், “சுற்று ரொம்ப நீளம் போல, அதான் இன்னும் ஓடுது” என்று சந்தோஷமாகவே காத்திருப்பார்கள். நீளமான சுற்று நல்லது என்று படித்திருப்பதால் அது பிழை என்ற சந்தேகமே வராது.

சரி, எப்படிச் செய்வது? கையால் போடும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் வரிசை எண் கொடுங்கள், 0-லிருந்து.

```
வரிசை:  0   1   2   3   4   5   6   7
x    :  2  15  13   1   9  17   5  13
```

புதிதாக வந்த எண்ணைத் தொடக்க எண்ணோடு மட்டும் ஒப்பிடாமல் இதுவரை வந்த எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். 13 முதலில் வந்தது வரிசை 2-ல், மறுபடி வந்தது 7-ல். சுற்றின் நீளம் 7 − 2 = 5. முதலில் வந்த வரிசை எண்ணான 2தான் வாலின் நீளம். m சிறிதாக இருந்தால் 0 முதல் m−1 வரை ஒரு கட்டம் போட்டு, எண் வந்ததும் அந்தக் கட்டத்தில் வரிசை எண்ணை எழுதிக்கொண்டே போவது இன்னும் வசதி; ஏற்கெனவே நிரம்பிய கட்டத்துக்கு வந்தால் நிறுத்திவிடலாம், பழைய எண்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பைத்தானில் அதையே இப்படி எழுதலாம்:

```python
x, n, seen = 2, 0, {}
while x not in seen:
    seen[x] = n
    x, n = (6*x + 3) % 20, n + 1
print(seen[x], n - seen[x])
```

இது `2 5` என்று அச்சிடும்: வால் 2, சுற்று 5.

m ரொம்பப் பெரிதாக இருந்து எல்லா எண்ணையும் சேமிக்க முடியாவிட்டால் ஃப்ளாய்டின் முறை இருக்கிறது. ஒரே தொடக்கத்திலிருந்து இரண்டு பேரைக் கிளப்பி, ஒருவரை ஒவ்வொரு படியாகவும் மற்றவரை இரண்டிரண்டு படியாகவும் நடக்கவிட வேண்டும். இருவரும் சந்திக்கும் இடம் நிச்சயம் சுற்றுக்குள் இருக்கும். நம் வரிசையில் மெதுவானவர் ஐந்தாவது படியில் 17-ல் இருக்கும்போது வேகமானவரும் பத்தாவது எண்ணான 17-ல்தான் இருப்பார். அங்கிருந்து ஒருவரை மட்டும் நடக்கவிட்டு மறுபடி 17 வரும்வரை எண்ணினால் 5. இங்கே “அந்த எண் திரும்பும்வரை” என்று காத்திருக்கலாம், ஏனென்றால் 17 சுற்றுக்குள் இருப்பது உறுதியாகிவிட்டது.

## ஒரு தொடக்க எண்ணைப் பார்த்துவிட்டுப் பொதுவாகச் சொல்வது

வால் இல்லை என்று தெரிந்தாலும் சுற்று ஒன்றுதான் என்று அர்த்தமில்லை. a = 7, c = 4, m = 10 எடுங்கள். 7-ம் 10-ம் சார்பகா எண்கள், ஆகவே வால் கிடையாது. 0-லிருந்து கிளம்பினால் 0, 4, 2, 8, மறுபடி 0. நீளம் 4. 3-லிருந்து போனால் 3, 5, 9, 7, மறுபடி 3. இதுவும் 4. சரி, இதன் சுற்று நீளம் 4 என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். 1-லிருந்து கிளம்பிப் பாருங்கள்: 7 × 1 + 4 = 11, மீதி 1. அப்படியே நிற்கிறது. 6-ம் அப்படித்தான், 46-ன் மீதி 6. ஆக 4, 4, 1, 1 என்று நான்கு தனித்தனிச் சுற்றுகள். எந்தத் தொடக்க எண்ணுக்கு என்று சொல்லாமல் நீளத்தை மட்டும் சொன்னால் அது பாதி விடைதான்.

## வெளியே தெரியும் எண்ணை வைத்துச் சுற்று முடிந்தது என்பது

a = 5, c = 3, m = 16, தொடக்கம் 7 என்று போட்டால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று பதினாறும் வந்து மறுபடி 7-க்குப் போகும். இப்போது 0 முதல் 3 வரையிலான எண்கள்தான் வேண்டும் என்று ஒவ்வொன்றையும் 4ஆல் வகுத்து ஈவை மட்டும் எடுக்கிறோம்: 1, 1, 0, 2, 2, 2, 1, 3, … இரண்டாவது இடத்திலேயே 1 மறுபடி வந்துவிட்டது, ஆனால் சுற்று முடியவில்லை, உள்ளே இருக்கும் x 7-லிருந்து 6-க்கு நகர்ந்திருக்கிறது. ஒப்பிட வேண்டியது உள்ளே இருக்கும் முழு x-ஐ. ஜாவாவின் `java.util.Random` உள்ளே 48 பிட் எண்ணை வைத்துக்கொண்டு `nextInt()`-க்கு மேல் 32 பிட்டை மட்டும் தருகிறது, அதில் ஒரே எண் இரண்டு முறை வந்தால் அதை வைத்துச் சுற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஈவுக்குப் பதில் மீதியை எடுத்தால் கதை வேறு: 3, 2, 1, 0, 3, 2, 1, 0 என்று நாலே எண்கள் உண்மையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். m இரண்டின் அடுக்காக இருந்தால் கீழ்ப் பிட்டுகளின் சுற்று இப்படிக் குட்டையாகத்தான் இருக்கும், அதனால்தான் மேல் பிட்டுகளை எடுக்கச் சொல்கிறார்கள்.

## திரும்பி வந்த எண்ணையும் சேர்த்து எண்ணுவது

1, 9, 17, 5, 13, 1: சுற்றின் நீளம் 5, 6 அல்ல.

## c = 0 வைத்துவிட்டு 0-லிருந்து கிளம்புவது

எல்லாம் 0.

## நான்கு என்ற நிபந்தனையை விட்டுவிடுவது

எந்தத் தொடக்க எண்ணுக்கும் முழு m நீளச் சுற்று கிடைக்க என்ன வேண்டும் என்று ஹல், டோபெல் இருவரும் 1962ல் காட்டியிருக்கிறார்கள். c-யும் m-ம் சார்பகா எண்களாக இருக்க வேண்டும். m-ன் ஒவ்வொரு பகாக் காரணியும் a−1-ஐ வகுக்க வேண்டும். m 4ஆல் வகுபட்டால் a−1-ம் 4ஆல் வகுபட வேண்டும். மூன்றாவதை இரண்டாவதிலேயே அடங்கிவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

a = 3, c = 1, m = 16 போடுங்கள். முதல் இரண்டும் சரி: 1-ம் 16-ம் சார்பகா எண்கள், 16-ன் ஒரே பகாக் காரணியான 2 a−1 = 2-ஐ வகுக்கிறது. ஆனால் 2 என்பது 4ஆல் வகுபடாது. 0-லிருந்து 0, 1, 4, 13, 8, 9, 12, 5, மறுபடி 0. பதினாறு வர வேண்டிய இடத்தில் எட்டுதான். 2, 3, 6, 7, 10, 11, 14, 15 எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. a-ஐ 5 ஆக்கி c = 1-ஐ அப்படியே வைத்துப் போட்டால் பதினாறும் வந்துவிடும்.